ஓட்டோடு முட்டையை மைக்ரோவேவில் வைக்கலாமா? ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்

அக்கா மகன் போன மாதம் வேலைக்காகத் தனியாக அறை எடுத்திருக்கிறான். அறையில் கேஸ் அடுப்பு கிடையாது. ஒரு மைக்ரோவேவும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் மட்டும்தான். காலையில் அவனிடமிருந்து கேள்வி வந்தது. "சித்தி, முட்டைய ஓட்டோடயே மைக்ரோவேவ்ல வெச்சு அவிக்கலாமா? ஊசியால ஒரு ஓட்டை போட்டா வெடிக்காதுன்னு சொல்றாங்களே?"

வைக்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊசி ஓட்டை, உப்புத் தண்ணீர், அலுமினியத் தாள், பாதி பவர் என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அவற்றில் எது சரி, எது சரியில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், முட்டை எதனால் வெடிக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு வழியையும் நாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

அடுப்பில் அவிக்கும்போது நடப்பதை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். எவ்வளவுதான் தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் போகாது, ஆவியாகித்தான் போகும். சூடு ஓட்டிலிருந்து வெள்ளைக்கருவுக்கும், அங்கிருந்து மஞ்சள்கருவுக்கும் மெல்ல மெல்ல இறங்குகிறது. அதனால் முட்டையின் எந்தப் பகுதியும் சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சூடாக முடியாது. மஞ்சள்கரு கடைசிவரை தண்ணீரைவிட ஒரு படி கீழேதான் நிற்கும். உள்ளே இருக்கும் ஈரம் கொதிநிலையைத் தாண்டவே வழியில்லை. அடுப்பில் முட்டை விரிசல் விடலாம், வெள்ளை கொஞ்சம் பிதுங்கி வரலாம். வெடிக்காது.

மைக்ரோவேவில் இந்த வரிசை கிடையாது. அதன் அலைகள் ஓட்டைத் தாண்டி உள்ளே போய், அங்கே இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை நேராகச் சூடேற்றுகின்றன. சூடு உள்ளேயே பிறக்கிறது. முட்டை உருண்டையாகவும் சிறியதாகவும் இருப்பதால், வளைந்த மேற்பரப்பில் திரும்பும் அலைகள் நடுப்பகுதியில் குவியவும் செய்கின்றன, ஒரு லென்ஸ் வெயிலைக் குவிப்பதுபோல. அந்த நடுவில்தான் மஞ்சள்கரு இருக்கிறது. அதில் கொழுப்பு அதிகம், தண்ணீர் ஏறக்குறைய பாதிதான். வெள்ளைக்கருவுக்குத் தேவைப்படும் அளவு வெப்பம் இதற்குத் தேவையில்லை, சீக்கிரம் சூடேறிவிடும். 100 டிகிரியில் நிறுத்தி வைக்க இங்கே கொதிக்கும் தண்ணீர் எதுவும் இல்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் அதற்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் இடம் வேண்டும். நடுத்தர முட்டை முழுவதுமே சுமார் 50 மில்லி இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரே ஒரு கிராம் ஆவிக்கு முப்பது முட்டைக்கு மேல் இடம் வேண்டும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை குஞ்சு மூச்சுவிடுவதற்கான துளைகள். ஒரு நிமிடத்தில் கிளம்பும் ஆவியை வெளியே விடுவதற்கு அவை போதாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, ஓடு தாங்கும் வரை தாங்குகிறது, பிறகு உடைகிறது.

பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். அதன் உள்ளேயும் 120 டிகிரிவரை சூடு ஏறுகிறது. ஆனால் மேலே வெயிட் இருக்கிறது, அழுத்தம் அளவு தாண்டினால் அது தூக்கிக்கொண்டு ஆவியை விடும். அதுவும் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு இருக்கிறது. முட்டைக்கு இரண்டும் இல்லை. (குக்கருக்குள் வைத்து அவிக்கும் முட்டை ஏன் வெடிப்பதில்லை என்றால், அங்கே ஓட்டுக்கு வெளியிலும் அதே அழுத்தம் இருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் சமம்.)

இதுவரை சொன்னது ஓட்டைப் பற்றி. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்: ஓடு மூடியிருப்பதால்தானே வெடிக்கிறது, ஓட்டில் ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்று. இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. முட்டையில் மூடிய பாத்திரம் ஓடு மட்டும் அல்ல. மஞ்சள்கருவைச் சுற்றித் தனியாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வெந்து கெட்டியான வெள்ளைக்கரு அதன்மேல் இன்னொரு தடித்த உறை. அதற்கும் வெளியேதான் ஓடு. ஆகவே ஓட்டை முழுவதுமாக உரித்து எறிந்தாலும், உள்ளே மூடிய பாத்திரம் ஒன்று அப்படியே இருக்கிறது.

ஓடு உரித்த அவித்த முட்டையை மைக்ரோவேவில் சூடுபடுத்தினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஒலியியல் நிபுணர்கள் இருவர் சோதித்தார்கள். உணவகத்தில் பரிமாறிய முட்டை வாயில் வெடித்துத் தீக்காயம் பட்டது, காது கேட்பது குறைந்தது என்று ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். அந்த வழக்குக்காகச் செய்த சோதனை அது. 2017 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒலியியல் மாநாட்டில் முடிவுகளை வைத்தார்கள். நூறுக்குச் சற்றுக் குறைவான முட்டைகளைத் தண்ணீரில் வைத்துச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சில உள்ளேயே வெடித்தன. வெளியே எடுத்து, கூரான கருவியால் குத்தியபோது 30 சதவீதம் அளவுக்கு வெடித்தன. ஓர் அடி தூரத்தில் சத்தம் 86 முதல் 133 டெசிபல் வரை இருந்தது. அவர்கள் அளந்ததில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. மஞ்சள்கருவின் சூடு, சுற்றியிருந்த தண்ணீரைவிடச் சராசரியாக 12 டிகிரி அதிகமாக இருந்தது. அடுப்பில் ஒருபோதும் நடக்க முடியாதது இது.

அந்த 12 டிகிரிக்கு என்ன பொருள்? மஞ்சள்கருவில் வெந்து இறுகிய புரதத்துக்கு நடுவே தண்ணீர் பொடிப்பொடியாகச் சிறைப்பட்டிருக்கிறது. கொதிக்க வேண்டுமானால் குமிழி உருவாக வேண்டும். குமிழிக்கு இடமில்லாதபோது தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே நிற்கும். மஞ்சள்கரு 112 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 17 கிராம் மஞ்சள்கருவில் எட்டு கிராமுக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர். சவ்வு கிழிந்ததும் அந்த அதிகப்படி 12 டிகிரி முழுவதும் ஆவியாக்குவதற்குச் செலவாகும். கணக்குப் போட்டால் ஆவியாவது 0.2 கிராம்கூட இருக்காது. ஆனால் அந்தத் துளி ஆவிக்குக் கால் லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய ஓர் உருண்டைக்குள்ளிருந்து, கண் இமைக்கும் நேரத்தில், ஒரு டம்ளர் அளவுக்கு மேல் ஆவி வெளியே வருகிறது. அதுதான் அந்தச் சத்தம்.

சிறைப்பட்ட தண்ணீரை விடுவிக்கப் பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு முள்கரண்டி, ஒரு கடி போதும். அதனால் மைக்ரோவேவ் கதவு மூடியிருக்கும்போது முட்டை வெடித்தால் பெட்டி அழுக்காகும், அவ்வளவுதான். வெடிக்காமல் அமைதியாக வெளியே வந்த முட்டையைத்தான் நாம் தட்டில் வைத்துக்கொண்டு குனிகிறோம். முகம், உதடு, கண் எல்லாம் அப்போது அதற்கு நேரே இருக்கின்றன. கண்ணில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

நான் நேரில் பார்த்தது ஒன்று உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், தோழி ஒருத்தி முந்தைய நாள் வாங்கிய பிரியாணி பார்சலை மதியம் சூடுபடுத்தினாள். சோற்றுக்குள் அவித்த முட்டை முழுதாகப் புதைந்திருந்தது. இரண்டு நிமிடம் வைத்து எடுத்தாள், கொட்டினாள், உட்கார்ந்தாள், எங்களோடு பேசிக்கொண்டே கொஞ்சம் சோறு சாப்பிட்டாள். முட்டை பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. வெள்ளை வழவழவென்று, ஒரு பக்கம் மசாலா ஒட்டி. ஸ்பூன் விளிம்பால் அதைப் பாதியாக்க அழுத்தினாள். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். தட்டில் பாதிச் சோறு மேசைமேல். மஞ்சள்கரு மாவு மாதிரி அவள் கன்னத்திலும் மேலுதட்டிலும் ஒட்டியிருந்தது. ஒட்டிய இடமெல்லாம் சிவந்து, உதட்டில் கொப்புளம் வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. எடுத்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தோம். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

ஊசி ஓட்டை. இந்த யோசனை மின்சார எக் பாய்லரிலிருந்து வந்திருக்க வேண்டும். அதோடு வரும் அளவுக் கிண்ணத்தின் அடியில் ஓர் ஊசி இருக்கும், முட்டையின் தடித்த முனையில் குத்தச் சொல்வார்கள். அங்கே ஒரு காற்றறை இருக்கிறது. சூட்டில் அந்தக் காற்று விரிந்து ஓடு விரிசல் விடாமல் இருக்க அந்தத் துளை. ஆவியில் வேகும் முட்டைக்கு அது போதும். மைக்ரோவேவில் போதாது. முதல் சில நொடிகளிலேயே வெள்ளைக்கரு வெந்து துளையை உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும். மஞ்சள்கருவை அந்த ஊசி தொட்டதே இல்லை. இந்த வழி எனக்கு ஏற்புடையதல்ல.

உப்புத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பாதி பவரில் வைப்பது. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சுற்றியுள்ள தண்ணீர் அலைகளில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், உப்புச் சேர்ந்தால் இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். முட்டைக்குப் போய்ச் சேர்வது குறையும். அதனால்தான் "நான் பத்து தடவை செஞ்சிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் குறைகிறதே தவிர நிற்பதில்லை. எவ்வளவு உள்ளே போகிறது என்பது கிண்ணத்தின் அகலம், தண்ணீரின் ஆழம், முட்டை கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுங்கியதா நடுவில் இருக்கிறதா, உங்கள் மைக்ரோவேவில் அலை குவியும் இடம் எது என்பதையெல்லாம் பொறுத்தது. அந்த ஒலியியல் நிபுணர்கள் சோதித்த முட்டைகளும் தண்ணீருக்குள் இருந்தவைதான். பதினொன்றாவது முட்டை எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. அதற்காகவே இதை ஒதுக்குகிறேன்.

அலுமினியத் தாளில் சுற்றித் தண்ணீருக்குள் வைப்பது. உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும், தண்ணீர் மட்டும் சூடாகி முட்டையை வெளியிலிருந்து வேகவைக்கும். தத்துவம் சரி. செய்முறைதான் ஆபத்து. தாளின் ஒரு மடிப்பு தண்ணீருக்கு வெளியே தலைநீட்டினாலோ, பக்கச் சுவருக்கு அருகே போனாலோ பொறி பறக்கும். தாளில் இடைவெளி இருந்தால் அந்த வழியாக அலை உள்ளே போகும். காலை அவசரத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

இதே தத்துவத்தை ஒழுங்காகச் செய்த கருவி ஒன்று உண்டு: மைக்ரோவேவுக்கென்றே விற்கும் முட்டை அவிக்கும் டப்பா. வெளியே பிளாஸ்டிக், உள்ளே முட்டைகளைச் சுற்றி வழவழப்பான அலுமினியக் கூடு. அடியில் ஊற்றும் தண்ணீர் மட்டும் கொதித்து, அந்த ஆவியில் முட்டை வேகிறது. இட்லிப் பானையில் முட்டையை அவிப்பதும் இதுவும் ஒன்றுதான். ஓட்டோடு முட்டையை மைக்ரோவேவ் பெட்டிக்குள் வைக்க நான் சரி சொல்வது இந்த ஒன்றுக்கு மட்டும். வாங்கும்போது மூடியைத் திறந்து உலோகக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் டப்பா என்றால் அது உடைத்து ஊற்றும் முட்டைக்கானது, ஓட்டோடு வைப்பதற்கு அல்ல. தண்ணீரைச் சொன்ன அளவுக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். வற்றிப்போனால் அலையை எடுத்துக்கொள்ள எதுவும் மிச்சம் இருக்காது.

உடைத்து ஊற்றி வேகவைப்பது. அவித்த முட்டைதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் மைக்ரோவேவுக்கு இதுதான் பொருத்தமான வேலை. இதிலும் மஞ்சள்கரு முழுதாக இருந்தால் வெடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. எண்ணெய் தடவிய பீங்கான் கிண்ணத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள்கருவை முள்கரண்டியால் நான்கைந்து இடத்தில் அடிவரை குத்தி, சின்னத் தட்டால் லேசாக இடைவெளி விட்டு மூடி, பாதி பவரில் 40 நொடி. பிறகு 10 நொடி, 10 நொடியாகக் கூட்டிக்கொள்ளலாம். வெளியே எடுக்கும் முன் ஒரு நிமிடம் உள்ளேயே விட வேண்டும். இதைவிட நிம்மதியானது, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு முட்டையை நன்றாக அடித்துப் பொடிமாஸ் செய்வது. 30 நொடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளற வேண்டும். மஞ்சள்கருவின் சவ்வையே உடைத்துக் கலக்கிவிட்டபின் ஆவி அடைபட இடம் இல்லை.

அக்கா மகனுக்குத் தேவை அவித்த முட்டை. அவனுக்கு நான் சொன்னது ஹாட் பாக்ஸ். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்காத இரண்டு முட்டைகளை ஹாட் பாக்ஸில் வைத்து, கொதித்த உடனே தண்ணீரை ஊற்றி மூடி, 20 நிமிடம் தொடாமல் விட வேண்டும். மஞ்சள்கரு கெட்டியாக 70 டிகிரி போதும். இரண்டு முட்டை ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டைச் சில டிகிரிதான் குறைக்கும். குளித்துவிட்டு வருவதற்குள் வெந்திருக்கும். அவனுடைய முதல் முட்டையில் மஞ்சள்கரு நடுவில் கொஞ்சம் இளகி இருந்ததாம். அவன் 600 மில்லிதான் ஊற்றியிருக்கிறான், ஹாட் பாக்ஸும் முந்தைய இரவிலிருந்து சில்லென்று இருந்திருக்கிறது. மறுநாள் முதலில் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, முழு லிட்டர் ஊற்றினான். சரியாக வந்துவிட்டது.

கெட்டில் இல்லாமல் மைக்ரோவேவ் மட்டும்தான் என்றாலும் இதையே செய்யலாம். தண்ணீரை மட்டும் கண்ணாடிக் கிண்ணத்தில் உள்ளே கொதிக்கவைத்து, வெளியே எடுத்தபின் முட்டையோடு சேர்க்க வேண்டும். 800 வாட் மைக்ரோவேவில் ஒரு லிட்டருக்கு ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். தண்ணீரில் ஒரு மரக்கரண்டியைப் போட்டு வைப்பது நல்லது. அசையாத தண்ணீரும் 100 டிகிரியைத் தாண்டிக் குமிழியில்லாமல் நிற்கும், கையில் எடுக்கும்போது பொங்கும்.

வாரம் முழுக்க முட்டை சாப்பிடுபவர் என்றால் எக் பாய்லர் வாங்கிவிடலாம். ஏழு முட்டை பிடிக்கும் சின்னக் கருவி, அளவுத் தண்ணீர் வற்றியதும் தானே நின்றுவிடும். அடுப்பு இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம், பத்துப் பன்னிரண்டு நிமிடக் கொதி போதும்.

ஏற்கெனவே அவித்த முட்டையைச் சூடுபடுத்துவதுதான் எல்லோரும் கவனிக்காமல் விடுவது. மீந்த முட்டைக் குழம்பில் முட்டைமேல் கீறல் போட்டிருப்போம், மசாலா இறங்க. அந்தக் கீறல் பெரும்பாலும் வெள்ளைக்கருவோடு நின்றுவிடும், மஞ்சள்கருவைத் தொடாது. ஆகவே குழம்பை மைக்ரோவேவில் வைக்கும் முன் முட்டைகளைத் தனியே எடுத்துவிட வேண்டும். குழம்பைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி எடுத்து, முட்டையை அதில் போட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்தால் அதுவும் சூடாகிவிடும். பிரியாணி பார்சலிலும் அப்படியே: முட்டையைச் சோற்றிலிருந்து தோண்டி எடுத்துவிட்டு சோற்றைச் சூடாக்கி, பிறகு முட்டையைப் புதைத்து மூடலாம்.

தெரியாமல் ஒருவர் முழு முட்டையை உள்ளே வைத்து ஓடவிட்டுவிட்டார் என்றால், மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். அமைதியாக இருக்கிறதே என்று எடுத்து உரிக்கவோ, வெந்ததா என்று குத்திப் பார்க்கவோ கூடாது. ஆறியபிறகு, முகத்தை விலக்கி, கனமான துணியைப் போட்டு எடுத்து அப்படியே குப்பையில் போட்டுவிடலாம். சூடாகத் தோலில் தெறித்திருந்தால் ஒட்டியதைக் கழுவிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மாவு எதையும் தடவ வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஓட்டுத்துண்டு குத்தியிருப்பதுபோல் தெரிந்தால் அலசுவதும் வேண்டாம், கண்ணை அழுத்தாமல் நேராக மருத்துவமனைக்குத்தான்.